மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில்: தம்பதிக்குத் தனிமை கிடைக்க எந்த வழி சரி?

கூட்டுக்குடும்பத்தில் இருக்கும் கணவன் மனைவிக்குத் தனிமை வேண்டுமென்றால் நான்கு வழிகள் இருக்கின்றன. இப்போது படுக்கும் அறையையே கதவிலிருந்து கட்டில் வரை சரிசெய்துகொள்ளலாம். வீட்டுக்குள்ளேயே வேறு அறைக்கு மாறலாம். அதே கட்டடத்தில் தனி வாசலுடன் ஒரு பகுதியைப் பிரித்துக்கொள்ளலாம். அல்லது பக்கத்திலேயே தனிக்குடித்தனம் போகலாம். பெரும்பாலான வீடுகளில் பேச்சு நேராக நான்காவது வழிக்குப் போய், அது சண்டையாகி, அதன்பின் எதுவுமே நடக்காமல் வருடங்கள் ஓடிவிடுகின்றன. முதல் வழியை யாரும் ஒழுங்காக முயன்று பார்ப்பதில்லை. முயன்றவர்களும் ஒரு தடிமனான திரைச்சீலையை மாட்டிவிட்டு, பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

எந்த வழி என்பதைக் கோபமோ பாசமோ தீர்மானிக்கக் கூடாது. தனிமை எந்த இடத்தில் போகிறது என்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அது மூன்று இடங்களில் போகிறது. உள்ளே பேசுவது வெளியே கேட்கிறது, அது காது. கேட்காமல் உள்ளே வருகிறார்கள், அது கதவு. இருவருக்குள் இருக்க வேண்டிய விஷயத்தை இருவரில் ஒருவரே வெளியே கொண்டுபோகிறார், அது வாய். முதல் இரண்டையும் தச்சரும் கொஞ்சம் ரப்பர் பட்டையும் பெருமளவு சரிசெய்துவிடலாம். மூன்றாவது, ஊர் மாறிப் போனாலும் போன் வழியாகக் கூடவே வரும்.

ஒரு வாரக் கணக்கு

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நடுவில் ஹால். அதன் ஒரு பக்கத்தில் இரண்டு படுக்கையறைகள், இரண்டுக்கும் நடுவில் நாலரை அங்குலச் செங்கல் சுவர். ஒன்றில் தம்பதி, மற்றதில் கணவரின் அப்பா அம்மா. கணவரின் தம்பி ஹாலில் படுக்கிறார். குளியலறை ஒன்றுதான், ஹாலின் மறுகோடியில். மனைவியும் வேலைக்குப் போகிறவர். "இந்த வீட்டில் மூச்சு விடக்கூட இடமில்லை" என்கிறார் அவர். "அப்படி என்ன ஆகிவிட்டது?" என்கிறார் கணவர்.

இந்த இருவரும் ஏழு நாள், ஒரு தாளில் மூன்று விஷயங்களை மட்டும் குறித்துவைக்கிறார்கள். தட்டாமல் கதவு திறந்தது எத்தனை முறை, எதற்காக. உள்ளே பேசியது வெளியே தெரிந்தது எத்தனை முறை, எப்படி. நெருங்க நினைத்தும் தள்ளிப்போட்டது எத்தனை முறை, ஏன். பழி சொல்வதற்கான பட்டியல் அல்ல என்பதால் யார் பெயரும் அதில் வேண்டாம், காரணம் போதும்.

வாரக் கடைசியில் தாளில் இருப்பது இது. கதவு 14 முறை தட்டாமல் திறந்திருக்கிறது. அதில் ஒன்பது முறை பொருள் எடுக்க: வீட்டின் போர்வைகளும் துண்டுகளும் இவர்கள் அறைப் பீரோவில் இருக்கின்றன, இஸ்திரி மேசை இங்கேதான், மாத்திரை டப்பாவும் இங்கேதான். மூன்று முறை சாப்பிடக் கூப்பிட, இரண்டு முறை சும்மா. வெளியே தெரிந்துபோன விஷயங்கள் நான்கு. ஒன்று ஹாலில் இருந்தவருக்குக் காதில் விழுந்தது, மற்ற மூன்றையும் கணவரே அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். நெருக்கம் தள்ளிப்போனது மூன்று இரவு. காரணம் மூன்றிலும் ஒன்றே: ஹாலில் ஆள் முழித்திருக்கிறார், அவரைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போய்வர வேண்டும்.

இப்படிக் கணக்கெடுத்த பிறகு பேச்சின் நிறமே மாறும். மாமியார் வேண்டுமென்றே உள்ளே வருகிறார் என்று தோன்றிய இடத்தில், அவருக்குத் தேவையான பொருள் இந்த அறையில் இருக்கிறது என்பது தெரிகிறது. சுவர் மெல்லியது என்று நினைத்த இடத்தில், கதவுதான் பலவீனம் என்பது தெரிகிறது.

ஒலியைத் தனியாக ஒரு முறை சோதித்துவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல், வீட்டில் மற்றவர்கள் இல்லாத ஒரு நாளில், மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, போனில் செய்தி வாசிப்பைச் சாதாரணப் பேச்சு அளவில் கட்டில்மேல் ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நிற்க வேண்டும். முதலில் ஹாலில், பிறகு பெரியவர்கள் அறையில் தலைமாட்டுப் பக்கம். முணுமுணுப்பு மட்டும் கேட்டால் பரவாயில்லை. ஆண் குரலா பெண் குரலா என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் கொஞ்சம் வேலை இருக்கிறது. சொற்கள் புரிந்தால் நிறைய வேலை இருக்கிறது. நம் உதாரண வீட்டில் ஹாலில் சொற்கள் புரிகின்றன, பக்கத்து அறையில் முணுமுணுப்புதான். பூசிய செங்கல் சுவர், நாலரை அங்குலமே ஆனாலும், சுமார் 45 டெசிபல் ஒலியைத் தடுக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. சுவரைத் தாண்டி மிஞ்சுவது இரவின் சாதாரண இரைச்சலுக்குள்ளேயே மூழ்கிவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு, அது மனசுக்கு. பெரியவர்கள் ஊருக்குப் போயிருக்கும் நாட்களிலோ, இருவரும் வெளியூரில் தங்கும்போதோ நெருக்கம் இயல்பாக இருக்கிறதா? இருந்தால் பிரச்சினை இடம்தான். அங்கேயும் பயம், வலி, விருப்பமின்மை தொடர்ந்தால் வீடு மாறியும் பயனில்லை. மருத்துவரையோ தம்பதியருக்கான ஆலோசகரையோ பார்ப்பதுதான் வழி. வீட்டைக் குறை சொல்லியே இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர்.

இருக்கும் அறையைச் சரிசெய்வது

நான்கு வழிகளில் இதற்குத்தான் செலவு குறைவு, யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். அதனால் மற்ற மூன்றில் எதை மனதில் வைத்திருந்தாலும் இதை முதலில் செய்துவிடுவதே நல்லது.

தொடங்க வேண்டியது கதவில். அறைக்குள் விளக்கைப் போட்டு, ஹாலை இருட்டாக்கி, வெளியே நின்று பாருங்கள். ஒளிக் கீற்று தெரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒலியும் போகிறது. கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி சாதாரணமாக எல்லா வீட்டிலும் இருக்கும். மூன்றடி அகலக் கதவில் அது மொத்தப் பரப்பில் அரை சதவீதம்தான். ஆனால் அந்த அரை சதவீதம் இருக்கும்வரை, எவ்வளவு கனமான கதவு போட்டாலும் தடுப்பு ஏறத்தாழ 23 டெசிபலைத் தாண்டாது. புதிதாகத் தேக்குக் கதவு போட்டும் சத்தம் கேட்கிறது என்று வருத்தப்படுகிறவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

எனவே முதலில் இடைவெளி, பிறகுதான் பலகை. நிலையின் மூன்று பக்கமும் கதவு வந்து உட்காரும் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் டேப் சில மாதங்களில் அமுங்கித் தட்டையாகிவிடும், உள்ளே குழாய்போல் துளை உள்ள ரப்பர் பட்டை நீண்ட நாள் தாங்கும். பட்டை அளவுக்கு மீறித் தடிமனாக இருந்தால் தாழ்ப்பாள் விழாது. ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள், லேசாகப் பிடித்து வந்தால் சரியான அளவு. அடிப்பக்கத்துக்குக் கதவின் உட்புறம் திருகாணியால் மாட்டும் ரப்பர் நாக்கு போதும். தரை மேடு பள்ளமாக இருந்தால், கதவு சாத்தும்போது மட்டும் தானாகக் கீழே இறங்கும் வகை நல்லது. சாவித் துவாரத்தையும் ஒரு மூடியால் அடைத்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு கதவைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று பெட்டிபோல் ஒலித்தால் அது உள்ளே வெற்றாக இருக்கும் கதவு. அது 20 டெசிபல் அளவுக்குமேல் தடுக்காது. உள்ளே கட்டியாக இருக்கும் 35 மில்லிமீட்டர் கதவு, சுற்றிலும் பட்டையோடு, 30 டெசிபலை ஒட்டி வரும். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்கு ஒலி பாதியாகத் தெரியும், அதனால் இந்த மாற்றம் வீண்போகாது. அப்படிப்பட்ட கதவு 40 கிலோ அளவுக்குக் கனக்கும். பழைய இரண்டு கீல்களில் மாட்டினால் சில மாதங்களில் தொங்கி, அடியில் தரையை உரசி, பட்டையைக் கிழித்துவிடும். கீல் மூன்றாவது வேண்டும்.

கதவுக்கு மேலே காற்றுக்கு விட்ட ஜன்னல் இருந்தால், கதவுக்குச் செய்த அத்தனையும் அதன் வழியே போய்விடும். அதைக் கண்ணாடியோ பலகையோ போட்டு அடைக்கலாம், ஆனால் வெளிப்பக்க ஜன்னல் திறந்திருந்தால் மட்டும். இல்லையென்றால் அறையில் காற்று புழுங்கும், நான்காம் நாள் அவர்களே அதைத் திறந்துவிடுவார்கள். இந்த வெளிப்பக்க ஜன்னலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டு அறை ஜன்னல்களும் ஒரே வெளிச்சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இங்கே பேசுவது ஜன்னல் வழியாக வெளியே போய் அந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். சுவர் என்ன செய்யும்? பெரியவர்கள் அறையை ஒட்டிய ஜன்னல் கதவை மட்டும் இரவில் சாத்தி, தூரத்துக் கதவைத் திறந்துவைப்பதே இதற்கான எளிய ஏற்பாடு. பொதுச் சுவரில் இரு பக்கமும் நேருக்கு நேராகச் சுவிட்ச் பெட்டி இருந்தால் அங்கே சுவர் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. மின்பணியாளரை வைத்து மெயினை அணைத்து, ஒரு பெட்டியை இரண்டடி தள்ளி வைத்து, பழைய குழியைச் சிமெண்ட்டால் அடைக்கச் சொல்லலாம்.

சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்ச் தகடுகள், முட்டை அட்டைகள், கனத்த திரை இவற்றால் பக்கத்து அறைக்கு ஒலி போவது குறையாது. இவை அறைக்குள் எதிரொலியை மட்டும் குறைக்கும். அந்தப் பணத்துக்கு, துணி நிரம்பிய பீரோவைப் பொதுச் சுவரோரம் நகர்த்த ஆள் கூப்பிட்டால் ஓரளவு பலன் உண்டு.

கட்டிலுக்குத் தனி கவனம் வேண்டும். பேச்சைவிட இதுதான் பலருக்குச் சங்கடம், பலர் யாரிடமும் கேட்கத் தயங்குவதும் இதைத்தான். கட்டில் கிறீச்சிடுவது இரண்டு காரணத்தால்: மூட்டுகளில் திருகாணி தளர்ந்திருக்கும், அல்லது குறுக்குப் பலகைகள் சட்டத்தில் உரசும். மெத்தையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மூலையாகக் கையால் அழுத்தி ஆட்டினால் எந்த மூலை என்று தெரியும். அந்த மூட்டை இறுக்கி, பலகை உட்காரும் இடமெல்லாம் கம்பளித் துணித் துண்டோ ஃபெல்ட் பட்டையோ வைத்தால் சத்தம் நின்றுவிடும். திருகாணிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். தலைமாட்டுப் பலகை சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் ஒவ்வொரு அசைவும் சுவருக்குள் இறங்கி அடுத்த அறையில் இடிபோலக் கேட்கும், இந்த வகை ஒலிக்குச் சுவரின் கனம் ஒரு தடையே அல்ல. ஒரு சாண் அளவு தள்ளிப் போட்டு, கால்களுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் ரப்பர் வைத்துவிடலாம். எதுவும் சரிவரவில்லையென்றால் மெத்தையைத் தரையில் போடுவது எந்தக் கட்டிலையும்விட அமைதி.

மின்விசிறிச் சத்தத்தில் பேச்சு மறைந்துவிடும் என்று நம்பி, தங்கள் அறையில் அதை வேகமாக வைக்கிறார்கள். மறைக்கும் ஒலி கேட்பவரின் பக்கத்தில் இருந்தால்தான் மறைக்கும். இங்கே ஓடினால் இருவரும் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவார்கள், அவ்வளவுதான். நம் உதாரண வீட்டில் ஹாலில் படுப்பவருக்குப் பக்கத்தில் ஒரு மேசை விசிறி வைத்தால் அவருக்கும் காற்று, இவர்களுக்கும் நிம்மதி.

தாழ்ப்பாளில் இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று சத்தம். இரும்புத் தாழ்ப்பாள் இரவில் டக்கென்று விழுவது வீடு முழுக்க ஓர் அறிவிப்பு. உள்ளே குமிழைத் திருப்பிப் பூட்டும் வகை ஓசையில்லாதது. அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திறக்கக்கூடியதாகவும் அதில் கிடைக்கிறது. இரண்டாவது, பெரியவர்களின் உண்மையான பயம்: "ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா எப்படிக் கூப்பிடுறது?" இதைச் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. அவர்கள் தலைமாட்டில் பொத்தான், இவர்கள் அறையில் மணி என்று கம்பியில்லாத அழைப்பு மணி ஒன்றை மாட்டிவிட்டால், தாழிட்ட கதவுக்கு எதிராகச் சொல்ல ஒன்றும் இருக்காது.

தாழிடுவதை எப்போது செய்வது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். நெருங்க நினைக்கும் இரவில் மட்டும் கதவைச் சாத்தினால், சாத்துவதே ஒரு செய்தியாகிவிடும். மறுநாள் காலையில் மனைவிக்கு யார் முகத்தையும் பார்க்கச் சங்கடம். தினமும் ஒரே நேரத்தில், உதாரணமாக ஒன்பதரைக்கு, சண்டை போட்ட நாளிலும் உடம்பு சரியில்லாத நாளிலும்கூடச் சாத்த வேண்டும். ஒரு மாதத்தில் அந்தச் சாத்திய கதவு யாருக்கும் எதையும் சொல்லாது.

இதை வீட்டில் சொல்ல வேண்டியவர் யாருடைய பெற்றோரோ அவர். மருமகள் சொன்னால் அது புகார், மகன் சொன்னால் அது ஏற்பாடு. காரணம் விளக்கத் தேவையில்லை, மனைவி பெயரை இழுக்கவே கூடாது. "அம்மா, இனிமே ஒன்பதரைக்கு ரூம் கதவைச் சாத்திக்கிறேன். காலைல ஆறுக்குத் திறந்துருவேன். நடுவுல எதுனாலும் மணியை அடிங்க, ஓடி வந்துருவேன்." இவ்வளவு போதும். "அவ தான் கேட்டா" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் எல்லாமே கெட்டது. மனைவியின் பெற்றோரோடு வாழும் வீட்டில் இந்தப் பேச்சு மகளுடையது.

உள்ளே இருக்கும் பொருட்கள் கடைசி வேலை, ஆனால் பலன் அதிகம். போர்வை, துண்டு, இஸ்திரி மேசை, மாத்திரை டப்பா எல்லாம் ஹாலுக்குப் போய்விட்டால் நம் உதாரண வீட்டில் 14 நுழைவுகளில் ஒன்பது அன்றே நின்றுவிடும். மிச்சம் ஐந்து. அதற்குக் கதவைத் தட்டும் பழக்கம் வேண்டும். அதை எதிர்பார்ப்பவர்கள் பெரியவர்கள் அறைக்குத் தாங்களும் தட்டிவிட்டே போக வேண்டும், "அத்தை, வரலாமா?" என்று.

இந்த வழியால் எட்ட முடியாதது ஒன்று உண்டு. குளியலறை ஹாலின் மறுகோடியில் இருக்கும்வரை, ஹாலில் ஆள் படுத்திருக்கும்வரை, நள்ளிரவில் கதவைத் திறந்து அவரைத் தாண்டிப் போகும் சங்கடம் அப்படியே இருக்கும்.

அறை மாறுவது

எந்த அறை பெரியது என்று பார்க்காமல், யாருடைய நடமாட்டம் எந்தக் கதவைத் தாண்டுகிறது என்று பார்த்து மாற வேண்டும். குளியலறை இணைந்த அறை வீட்டில் ஒன்றுதான் என்றால் அது பெரும்பாலும் பெரியவர்களிடம் இருக்கும். இரவில் இரண்டு மூன்று முறை எழுகிற வயதில் அதைக் கேட்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. அதைக் கேட்டு மனஸ்தாபப்படுவதைவிட, ஒதுக்குப்புறமான சிறிய அறைக்குப் போவது மேல். சமையலறைக்கு அடுத்த அறை வேண்டவே வேண்டாம். விடிகாலையில் முதல் ஆள் அங்கேதான் வருவார்.

நம் உதாரண வீட்டில் மாற வேண்டியது தம்பதியின் அறை அல்ல, தம்பியின் படுக்கை. அது இப்போது அவர்கள் கதவுக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிறது. ஹாலின் வாசல்பக்க மூலைக்கு அதை மாற்றி, நடுவில் ஆளுயரப் புத்தக அலமாரியை வைத்தால் குளியலறைக்குப் போகும் பாதை அவர் பார்வையிலிருந்து விலகிவிடும். பாதையில் காலடி உயரத்தில் மங்கலான இரவு விளக்கு இருந்தால் பெரிய விளக்கைப் போட வேண்டியதில்லை. அலமாரி ஒலியைத் தடுக்காது, கண்ணை மட்டும் தடுக்கும். இரவில் அதுவே போதும்.

அதே கட்டடத்தில் தனிப் பகுதி

மாடியிலோ பின்பக்கத்திலோ ஒரு பகுதியைப் பிரிப்பது, கேட்பதற்கு எல்லாருக்கும் பிடித்த சமரசம். பெரியவர்களை விட்டுப் போகவும் இல்லை, இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் மூன்று விஷயங்கள் சேர்ந்தால்தான் அது தனிப் பகுதி: தனி வாசல், தனிக் குளியலறை, கொஞ்சமாவது சமைக்கக்கூடிய ஓர் இடம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது இன்னொரு படுக்கையறைதான்.

வாசல் என்பது வெளியிலிருந்து நேராக ஏறும் படி. உள்படி மட்டும் இருந்தால், படியின் தலைப்பில் பூட்டக்கூடிய கதவு வேண்டும். அது இல்லாத மாடியில் கீழே பேசுவது மேலேயும், மேலே பேசுவது கீழேயும் படிக்கட்டு வழியாகத் தெளிவாகப் போகும். காங்கிரீட் தளம் பேச்சை நன்றாகவே தடுக்கும், காலடியையும் நாற்காலி இழுப்பதையும் தடுக்காது. படுக்கையைச் சுற்றிலும் தடித்த கம்பளம், நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட், இவை கீழே இருப்பவர்களின் தூக்கத்தைக் காப்பாற்றும்.

இந்த வழி கெட்டுப்போவது பெரும்பாலும் மொட்டைமாடியால். துணி காயப்போட, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க, காற்று வாங்க எல்லாரும் மேலே போக வேண்டும், போகும் வழி தம்பதியின் ஹால் வழியாகவே இருக்கும். படம் போடும்போதே மொட்டைமாடிக்குப் போகும் பாதை அவர்கள் பகுதியைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கட்டிய பின் மாற்றுவது பெரிய வேலை. வீட்டின் வேண்டாத சாமான்களை "கொஞ்ச நாளைக்கு" மேலே வைப்பதற்கும் முதல் நாளே இடம் கொடுக்கக் கூடாது. சாமான் இருக்கும் இடத்துக்கு ஆள் வருவார்.

மூன்று வேளையும் கீழே வந்து சாப்பிட்டுப் போவதானால் பகல் முழுக்கப் பழைய நிலையேதான் இருக்கும். காலையும் இரவும் மேலே, மதியமோ விடுமுறை நாளோ சேர்ந்து என்று ஆரம்பத்திலேயே பிரித்துக்கொள்வது நல்லது. பின்னால் குறைத்தால் கோபித்துக்கொண்டதாகத் தெரியும்.

பக்கத்தில் தனிக்குடித்தனம்

காது, கதவு இரண்டையும் முழுதாகத் தீர்ப்பது இது ஒன்றுதான். அதற்கான விலையும் முழுதாகக் கொடுக்க வேண்டும். வாடகை மட்டும் செலவல்ல. முன்பணம், இரண்டாவது அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, இரண்டு மின்கட்டணம், குழந்தை இருந்தால் பகலில் பார்த்துக்கொள்ள ஆள், இவை அத்தனையும் சேர்த்த மாதத் தொகையை, போவதற்கு முன்பே ஆறு மாதம் தனிக் கணக்கில் எடுத்துவைத்துப் பாருங்கள். அப்படி எடுத்துவைத்து வீடு நடந்தால் முடியும் என்று அர்த்தம், முன்பணமும் சேர்ந்திருக்கும். மூன்றாம் மாதமே அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் இப்போது போக முடியாது.

தூரம் பத்துப் பதினைந்து நிமிட நடை என்பது நல்ல அளவு. இரவில் கூப்பிட்டால் ஓட முடியும், சும்மா எட்டிப்பார்க்கத் தோன்றாது. எதிர்வீடு, அடுத்த தெரு என்று இன்னும் நெருங்கினால் வாசல் விளக்கு எப்போது அணைந்தது என்பதுவரை தெரிந்துகொண்டிருப்பார்கள். மாற்றுச் சாவி விஷயத்தில் உறுதி வேண்டும். அவசரத்துக்கு ஒன்று பெரியவர்களிடம் இருக்கட்டும், மூடி ஒட்டிய உறையில். "வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க அப்பா" என்பதை முதல் வாரத்திலேயே மகன் சொல்லாவிட்டால், மூன்றாவது மாதம் மருமகள் வேறு குரலில் சொல்ல வேண்டிவரும்.

பெரியவர்களில் ஒருவர் எழுந்து நடக்க ஆள் தேவைப்படும் நிலையில் இருந்தால் இந்த வழி பாதியில் திரும்பும். இரவுத் துணைக்கு மகன் அங்கேயும் மனைவி இங்கேயும் படுக்கும் நிலை வரும். தனிமைக்காகப் போய்த் தனித்தனியாக ஆவது அது.

வாய் வழியாகப் போகும் தனிமையை இந்த வழியும் தொடாது. நம் உதாரண வீட்டில் வெளியே போன நான்கு விஷயங்களில் மூன்று கணவர் சொன்னவை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மாவிடம் பேச அவருக்கு வேறு பேச்சு இல்லை, அவ்வளவுதான். இருவரும் உட்கார்ந்து மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம்: தாராளமாகச் சொல்லலாம், இருவரும் பேசி முடிவெடுத்த பிறகு சொல்லலாம், சொல்லவே கூடாது. சம்பளமும் வேலை மாற்றமும் பலருக்கு இரண்டாவதில் வரும். படுக்கையறை, குழந்தை எப்போது என்ற திட்டம், மருத்துவரிடம் போனது, மனைவியின் பிறந்த வீட்டுப் பிரச்சினை, தங்கள் சண்டை, இவை மூன்றாவதில். அம்மா கேட்டால் "அது நாங்க பாத்துக்கிறோம்மா" என்று சொல்லிவிட்டு, உடனே அம்மாவின் விஷயம் ஒன்றைக் கேட்க வேண்டும். வெறுமனே மறுத்தால் வலிக்கும். மனைவி தன் அம்மாவிடம் போனில் பேசுவதற்கும் இதே பட்டியல்தான்.

எதை எப்போது

உதாரண வீட்டுக்கு வருவோம். கதவுப் பட்டை, கட்டில், தாழ்ப்பாள், அழைப்பு மணி, ஒன்பதரை மணி வழக்கம், பொருள் இடமாற்றம், தம்பியின் படுக்கை. இவ்வளவையும் இரண்டு வாரத்தில் செய்துவிட்டு, ஆறு வாரம் கழித்து அதே ஏழு நாள் கணக்கை மறுபடி எடுக்க வேண்டும். நுழைவு வாரத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்து, செய்தி வாசிப்புச் சோதனையில் ஹாலில் சொற்கள் புரியாமல் போய், தள்ளிப்போன இரவுகள் அபூர்வமாகிவிட்டால், வீடு மாறும் பேச்சைத் தள்ளிவைக்கலாம். ஒலி தீர்ந்து, பகல் நேர அழுத்தம் மட்டும் மிஞ்சினால் தனிப் பகுதி பொருத்தம், கட்டடம் இடம் கொடுத்தால். தட்டச் சொல்லியும் தட்டுவதில்லை, தாழிட்டால் கோபிக்கிறார்கள், பீரோவைத் திறந்து பார்க்கிறார்கள் என்றால் எந்தத் தச்சு வேலையும் உதவாது. தனிக்குடித்தனத்துக்கான ஆறு மாதக் கணக்கை அன்றே தொடங்க வேண்டும்.

உடை மாற்றும்போதோ குளிக்கும்போதோ ஒளிந்து பார்ப்பது, கதவைத் தாழிடவே விடாமல் தடுப்பது, போனைப் பிடுங்கிப் படிப்பது, கை ஓங்குவது, இவை தனிமைக் குறைவு என்ற கணக்கில் வராது. இவை அத்துமீறல். இதில் ஏழு நாள் கணக்கும் இல்லை, ஆறு மாதச் சேமிப்பும் இல்லை. நம்பிக்கையான ஒருவர் வீட்டுக்கு அன்றைக்கே போய்விட்டு, உதவி மையத்தையோ வழக்கறிஞரையோ அங்கிருந்து அணுக வேண்டும்.

சாதாரண வீடுகளில், முடிவு எதுவானாலும், இரண்டாவது கணக்கு வரும்வரை வாரம் ஒரு மாலை இருவர் மட்டும் வெளியே போய்வரலாம். மனம்விட்டுப் பேச அது உதவும், படுக்கையறைக்கு அது மாற்றல்ல. இன்னொரு பக்கம், பெரியவர்களுக்கும் வாரத்தில் ஒரு முழு மாலை வெளியே போகும் வேலை இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம்: உறவினர் வீடு, நண்பர்களோடு ஒரு சந்திப்பு, எதுவானாலும். அது ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் வந்தால், அந்த நாளை நம்பி மற்ற ஆறு நாளின் நெருக்கடி கொஞ்சம் தாங்கக்கூடியதாகும். அந்த மாலையில் வீட்டு வேலை எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.